வயதா, எடையா, உயரமும் சேர்ந்ததா? பிள்ளையின் மருந்தளவை எதை வைத்துக் கணிப்பது

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், மகளை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்த மறுநாள் என்னைத் தேடி வந்தார். பிள்ளைக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. நான் மருந்தாளர் என்பதால் கணக்கை என்னிடம் சரிபார்க்க வந்திருந்தார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

"தம்பி, எங்க மச்சானுக்கும் இந்த வின்கிரிஸ்டின் ஊசிதான் போடுறாங்க. அவரு 54 கிலோ, அவருக்கு 2 மில்லிகிராம். பாப்பா 18 கிலோ. மூணுல ஒரு பங்கு. அப்ப அதுக்கு 0.67தானே வரணும்? 1.1 போட்டிருக்காங்க. கூடிப்போச்சா?"

அவருடைய வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் 1.1 தான் சரியான அளவு. 0.67 போட்டிருந்தால் அதுதான் ஆபத்து. அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியைப் பிள்ளைகளின் தாய்மாரும், தோட்ட டிஸ்பென்சரிகளில் வேலை செய்யும் உதவியாளர்களும், வாட்டுக்குப் புதிதாக வரும் தாதியரும் கேட்கிறார்கள். சில மருந்துகளுக்கு வயதைக் கேட்கிறார்கள், சிலவற்றுக்கு எடையைப் பார்க்கிறார்கள், புற்றுநோய் மருந்து என்றால் உயரத்தையும் அளக்கிறார்கள். எதை எப்போது நம்புவது?

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, இந்த அளவுகோல் மருந்து உடலிலிருந்து வெளியேறும் வேகத்தோடு ஒத்துப்போகிறதா? குளிசையோ ஊசியோ உள்ளே போனபின் கல்லீரல் அதை உடைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அந்த வேகத்துக்குத் தக்கபடிதான் மருந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது, அளப்பதில் பிழை வந்தால் மருந்தளவு எவ்வளவு தவறும்? மூன்றாவது, அந்த மருந்து எவ்வளவு தவறைப் பொறுக்கும்? பரசிட்டமோல் ஓரளவு பொறுக்கும். வின்கிரிஸ்டின் கூடினால் நரம்பைப் பாதிக்கும், குறைந்தால் நோய் மிஞ்சும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி சிறியது.

| | வயது | எடை | உடல் மேற்பரப்பு |
|---|---|---|---|
| என்ன வேண்டும் | பிறந்த திகதி | தராசு | தராசும் உயரப் பலகையும் |
| மருந்து வெளியேறும் வேகத்தோடு ஒத்துப்போவது | குறைவு | நடுத்தரம் | பெரும்பாலும் நன்று, ஒரு வயதுக்குக் கீழே சறுக்கும் |
| மறைந்திருக்கும் செலவு | வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு மருந்து கூடும் | வீக்க நீரும் கணக்கில் ஏறும், பெரியவர் அளவிலிருந்து பிரித்தால் குறையும் | கணக்குப் பிழை, பழைய உயரம் |
| பொருந்தும் இடம் | பூச்சி மருந்து, தடுப்பூசி | காய்ச்சல் மருந்து, பெரும்பாலான அன்டிபயோட்டிக் | பெரும்பாலான புற்றுநோய் மருந்துகள், சில நோய்களில் ஸ்டீரொயிட் |

## வயதை வைத்துக் கொடுப்பது

தராசு இல்லாத இடத்தில் இதுதான் சுலபம். பூச்சி மருந்துக்கு இது முற்றிலும் போதும். அல்பென்டசோல் குடலுக்குள் நின்றே வேலை செய்கிறது, இரத்தத்துக்குள் போவது கொஞ்சம்தான். அதனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே 400 மில்லிகிராம் கொடுக்கலாம்.

நம்முடைய மலையகத்தில் வயதை நம்புவதற்கு ஒரு தனியான தடை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. "ஆறு வயது" என்று மட்டும் கேட்டு 250 மில்லிகிராம் பரசிட்டமோல் பாணி ஊற்றினால், 14 கிலோ மட்டுமே இருக்கும் பிள்ளைக்கு அது கிலோவுக்கு 18 மில்லிகிராம் ஆகிவிடும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 வரைதான் போகலாம். ஒருநாள் என்றால் பரவாயில்லை. சரியாகச் சாப்பிடாமல் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு நாளுக்கு நாலு தடவையாக நாலைந்து நாள் தொடர்ந்தால் கல்லீரலுக்கு அது சுமை.

புற்றுநோய் மருந்துக்கு வயதை வைத்துக் கணிப்பது பேச்சுக்கே இடமில்லை. ஏழு வயதில் 108 செ.மீ. உயரமும் 15.5 கிலோவும் இருக்கும் பிள்ளையும் உண்டு, 125 செ.மீ. உயரமும் 26 கிலோவும் இருக்கும் பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு முதல் பிள்ளையை விட ஏறத்தாழ 40 வீதம் கூடுதலான மருந்து வேண்டும்.

## எடையை வைத்துக் கொடுப்பது

காய்ச்சல் மருந்துக்கும் அமொக்சிசிலினுக்கும் எடை நல்ல அளவுகோல். ஒரு தராசு, ஒரு பெருக்கல், முடிந்தது. அன்றாட வேலைக்கு நான் வயதை விட எடையைத்தான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு தராசு நன்றாக வேலை செய்தால் பாதிப் பிழைகள் அங்கேயே நின்றுவிடும்.

அந்த அண்ணனின் கணக்கு சறுக்கியது வேறொரு இடத்தில். பெரியவருக்கான அளவைக் கிலோவுக்குப் பிரித்து, அதைப் பிள்ளையின் எடையால் பெருக்கினார். 18 கிலோ உடல், 54 கிலோ உடலின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேலை செய்யும் என்று அதற்கு அர்த்தம். உடல் அப்படி வேலை செய்வதில்லை.

கேத்தல் நிறையத் தேத்தண்ணி போட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கோப்பைதான் முதலில் ஆறும். இரண்டிலும் இருப்பது அதே தேத்தண்ணிதான். ஆனால் சின்னக் கோப்பையில் இருக்கும் தண்ணிக்கு, அதன் அளவோடு பார்த்தால், வெளிக்காற்றுப் படும் பரப்பு கூட. பிள்ளையின் உடலும் அப்படித்தான். பிறந்த குழந்தை 3.5 கிலோ, 50 செ.மீ. என்று வைப்போம். பெரியவர் ஒருவர் 70 கிலோ, 170 செ.மீ. எடையில் இருபது மடங்கு வித்தியாசம். தோலின் மொத்தப் பரப்பில் எட்டு மடங்குதான்.

பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் போகும். அதை ஈடுகட்ட, சின்ன உடல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதலாக எரிக்க வேண்டும். 1883இல் மக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சிறிதும் பெரிதுமான நாய்களை வைத்து இதைக் காட்டினார். கிலோவுக்கு எனப் பார்த்தால் நாய்க்கு நாய் எரிக்கும் அளவு மாறியது, சதுர மீற்றர் தோலுக்கு எனப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. கூடுதலாக எரிப்பதற்குக் கூடுதலான இரத்த ஓட்டம் வேண்டும். பிள்ளையின் உடல் எடையில் கல்லீரலின் பங்கும் பெரியவருடையதை விடக் கூட. மருந்தை உடைப்பதும் வெளியேற்றுவதும் இந்த உறுப்புகள்தானே? அதனால் பிள்ளையின் உடல் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. தோலே மருந்தை வெளியேற்றுவதாக நினைத்துவிட வேண்டாம். உறுப்புகளின் வேகம் எடையை விடத் தோலின் பரப்போடு நெருக்கமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

எடைக் கணக்கின் மறைந்த செலவு இதுதான்: 18 கிலோ பிள்ளைக்கு 0.67 போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை வாந்தி எடுக்காது, முடி கொட்டுவதும் குறையலாம், எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். மிஞ்சிய நோய்க் கலங்கள் மாதக்கணக்கில் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனையில் எழும்பும்.

எடையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது மழை நாளில் ஈரத்துக்கென்று கழிப்பார்கள் அல்லவா? சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் நெப்ரோட்டிக் நோயில் பிள்ளையின் எடையும் ஈரக் கொழுந்து மாதிரித்தான். 15 கிலோ பிள்ளை வீங்கி 18 கிலோ காட்டும். எடைக் கணக்கில் ஸ்டீரொயிட் அளவு 20 வீதம் கூடிவிடும். உயரம் வீங்காது. உயரமும் சேர்ந்த கணக்கில் அந்தப் பிழை ஏறக்குறைய 10 வீதத்தில் நிற்கும். எப்படியும் வீக்கத்துக்கு முந்திய எடை கிளினிக் கொப்பியில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

## உயரமும் எடையும் சேர்ந்த உடல் மேற்பரப்பு

ஒருவரின் தோலை விரித்து அளக்க முடியாது. அதனால் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணிக்கிறார்கள். 1916இல் டுபோய்ஸ் என்ற பெயர் கொண்ட இருவர் செய்த சூத்திரம் மிகப் பழையது. கையால் போடச் சிரமமானது. 1987இல் மொஸ்டெல்லர் சுருக்கித் தந்ததைத்தான் இன்று வாட்டுகளில் அதிகம் பார்க்கலாம்:

```
மேற்பரப்பு (சதுர மீற்றர்) = √( உயரம் செ.மீ. × எடை கிலோ ÷ 3600 )
```

உயரம் எதற்கு என்றால், ஒரே எடையுள்ள இரண்டு உடல்களில் நெட்டையானதற்கு மேற்பரப்பு கூட. உருண்டையாகப் பிடித்த மாவுக்கும் அதே மாவை நீளமாக உருட்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான். 18 கிலோவில் 105 செ.மீ. பிள்ளைக்கு 0.72 சதுர மீற்றர் வரும், 120 செ.மீ. பிள்ளைக்கு 0.77. ஏழு வீதம். இதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. குளிசை என்றால் இந்த வித்தியாசம் பாதிக் குளிசைக்குள் மறைந்தும் போகலாம். ஆனால் எடை பொய் சொல்லும்போது, அதாவது வீக்கத்தில், ஸ்டீரொயிட்டால் உப்பும்போது, நோயில் மெலியும்போது, கணக்கை இழுத்துப் பிடிப்பது உயரம்தான்.

புற்றுநோய் மருந்துக்கு இந்த வழி வந்ததற்கு 1958இல் டொனால்ட் பிங்கல் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் வெளியிட்ட ஒப்பீடு முக்கிய காரணம். சில புற்றுநோய் மருந்துகளை எலி முதல் வளர்ந்த மனிதர் வரை எந்த அளவில் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார். கிலோவுக்கு என்று வைத்தால் எண்கள் எங்கெங்கோ நின்றன. சதுர மீற்றருக்கு என்று மாற்றியதும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்தன.

இப்போது அந்த அண்ணனின் கணக்கு. பாப்பா 112 செ.மீ., 18 கிலோ. பெருக்கினால் 2016. 3600ஆல் வகுத்தால் 0.56. வர்க்கமூலம் 0.748, அதாவது 0.75 சதுர மீற்றர். வின்கிரிஸ்டின் சதுர மீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பெருக்கினால் 1.12. மச்சான் 158 செ.மீ., 54 கிலோ. அவருக்கு 1.54 சதுர மீற்றர். எடையில் மூன்றில் ஒன்றாக இருந்த பிள்ளை, மேற்பரப்பில் ஏறக்குறைய பாதியாக நிற்கிறது. மச்சானுக்கு 2 மில்லிகிராமில் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நரம்புப் பாதிப்பைத் தடுக்க, ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்த மருந்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அளந்துதான் போட்டிருக்காங்க" என்றார் அண்ணன். ஆமாம், அளந்துதான்.

## மேற்பரப்புக் கணக்கு எங்கே தவறுகிறது

கைக்குழந்தையிடம் இது சறுக்கும். ஏழு மாதக் குழந்தை, 66 செ.மீ., 7 கிலோ என்று எடுங்கள். மேற்பரப்பு 0.36. வின்கிரிஸ்டின் கணக்கு 0.54 மில்லிகிராம் காட்டும். ஆனால் அந்த வயதில் கல்லீரல் முதிர்ந்திருக்காது. பரப்பு மட்டும் பெரிதாக நிற்கும், அதற்குத் தக்க வேகம் உள்ளே இருக்காது. அதனால் பல சிகிச்சைத் திட்டங்களில் ஒரு வயதுக்குக் கீழே, அல்லது 10 கிலோவுக்குக் கீழே, சதுர மீற்றர் அளவை 30ஆல் வகுத்துக் கிலோவுக்கு மாற்றுவார்கள். 1.5ஐ 30ஆல் வகுத்தால் 0.05. ஏழு கிலோவுக்கு 0.35. முதல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இங்கே எடைதான் சரியான தேர்வு.

காபோபிளாட்டின் போன்ற மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே போகிறது. அதற்குச் சிறுநீரகத்தின் வேகத்தையே அளந்து கணிப்பது மேற்பரப்பை விட நல்லது. மெர்காப்டோபியூரின் குளிசையில் இன்னொரு விதம். அதை உடைக்கும் வழியில் பரம்பரையாகவே மந்தம் உள்ள சிலர் இருக்கிறார்கள். என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் வரும் அந்த மாற்றம் நம் தெற்காசியர்களிடமும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. உயரப் பலகை அதைக் காட்டாது. இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் திடீரென விழும்போதுதான் தெரியும், உடனே அளவைக் குறைப்பார்கள். மேற்பரப்பு தருவது தொடக்க அளவைத்தான். பிறகு வழிகாட்டுவது இரத்த எண்ணிக்கை.

## அளக்கும்போது வரும் பிழைகள்

உயரத்தில் வரும் பிழை, நினைப்பதை விடக் குறைவாகவே அடிக்கும். வர்க்கமூலம் அதைப் பாதியாக்கிவிடுகிறது. 112ஐ 122 என்று எழுதினால் மருந்து 4 வீதம்தான் கூடும். எடையில் இரண்டு கிலோ பிழைத்தால் 5 வீதம்.

பெரிய அடி அலகுகளில் வருகிறது. 40 இறாத்தல் எடையை 40 கிலோ என்று பதிந்தால் மேற்பரப்பு 0.75லிருந்து 1.12ஆகப் பாய்ந்து மருந்து ஒன்றரை மடங்காகும். தாளில் mg/m² என்று இருப்பதை mg/kg என்று வாசித்தால் பாப்பாவுக்கு 1.12க்குப் பதில் 27 மில்லிகிராம் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிள்ளைக்கு வந்த அளவு பெரியவரின் அளவைத் தாண்டினால் கையை நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள்.

சத்தமில்லாமல் வரும் பிழை பழைய உயரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாட்டில் ஒரு பையனின் சிகிச்சைக் குறிப்பில் ஒரே உயரம் ஒன்றரை வருடமாக இருந்ததைப் பார்த்தேன். எடையை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதியிருந்தார்கள். உயரத்தை முந்தைய பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருந்தார்கள். நானும் இரண்டு தடவை அதைப் பார்த்தும் கேட்காமல் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது. நம் பாப்பாவை எடுத்தால், சிகிச்சை முழுவதும் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவள் 124 செ.மீ., 23 கிலோ ஆகிறாள் என்று வைப்போம். மேற்பரப்பு 0.75லிருந்து 0.89 ஆகிறது. தொடர் சிகிச்சையில் கிழமைக்கு ஒரு தடவை விழுங்கும் மெதொட்ரெக்சேட், சதுர மீற்றருக்கு 20 மில்லிகிராம் கணக்கில், 15லிருந்து 17.5 ஆக வேண்டும். 2.5 மில்லிகிராம் குளிசையில் ஆறு ஏழாகும். பழைய எண்களோடு போனால் கடைசிக் காலத்தில் வேண்டியதில் ஆறில் ஐந்து பங்குதான் உடம்பில் சேரும்.

அந்த மெதொட்ரெக்சேட் பற்றி ஒன்றை இடையில் சொல்லியே ஆகவேண்டும். அது கிழமைக்கு ஒரு நாள்தான். மெர்காப்டோபியூரின் தினமும். இரண்டும் சின்ன மஞ்சள் குளிசைகளாக இருக்கலாம். லயத்து வீட்டில் ஒரே டப்பாவில் போட்டு வைத்து, அம்மா கொழுந்துக்குப் போன நேரத்தில் பாட்டி எடுத்துக் கொடுக்கும்போது மெதொட்ரெக்சேட் தினமும் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வாயெல்லாம் புண்ணாவது அதன் முதல் அடையாளம். வேறு வேறு டப்பா, மெதொட்ரெக்சேட் டப்பாவில் கிழமையின் பெயர்.

உயரம் அளக்கும்போது சப்பாத்தைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி இரண்டு தடவை பாருங்கள். வின்கிரிஸ்டினால் கால் தளர்ந்து நிமிர்ந்து நிற்க முடியாத பிள்ளையைப் படுக்கவைத்து அளக்கலாம், ஆனால் அப்படி அளந்ததைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த மாதம் நின்று அளந்து உயரம் "குறைந்தால்" குழம்பாமல் இருக்க அது உதவும்.

## எந்தப் பிள்ளைக்கு எது

வீட்டில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு எடையைக் கேட்கும் இடத்துக்குப் போங்கள். வயதை மட்டும் கேட்டால், உங்கள் பிள்ளை சின்ன உடம்பு என்பதை நீங்களே சொல்லுங்கள். பாடசாலையில் பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் இந்தக் கவலை வேண்டாம். வீக்கத்துக்கு ஸ்டீரொயிட் தொடங்கும் பிள்ளைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வழக்கமும், சதுர மீற்றருக்கு 60 என்ற வழக்கமும் உண்டு. சின்னப் பிள்ளைகளில் இரண்டும் ஒன்றல்ல. 15 கிலோ, 98 செ.மீ. பிள்ளைக்கு முதலாவது 30 தரும், இரண்டாவது 38. நான் பிந்தியதன் பக்கம். வைத்தியர் எதை எடுத்தார் என்று தெரிந்துகொண்டு, நடுவில் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பெரும்பாலான மருந்துகளில் மேற்பரப்புத்தான். ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றுக்கும் முன்னால், அன்று அளந்த உயரம், அன்று நிறுத்த எடை, வந்த சதுர மீற்றர், மருந்தின் அளவு, இந்த நாலையும் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மஸ்கெலியாவிலிருந்து மகரகமவுக்குப் போகும் வழியில் திடீரென்று காய்ச்சல் வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டி வந்தாலும், அந்த ஒரு வரியை வைத்து அங்குள்ளவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

அண்ணன் போன மாதமும் வந்தார். கொப்பியில் 114 செ.மீ., 18.5 கிலோ, 0.77 என்று இருந்தது. கணக்கை அவரே பின்பக்கத்தில் போட்டுப் பார்த்திருந்தார், சரியாக வந்திருந்தது.